கண்டக்டர் அண்ணாவுக்கு 14 வரி: ஐந்தாம் வகுப்பு நன்றிப் பாட்டு உருவான விதம்

'நமக்கு உதவுவோர்' என்ற பாடத்துக்கான செயல்திட்டம் இது. நகரப் பேருந்து நடத்துநருக்கு ஒரு நன்றிப் பாட்டு எழுதி, அதைச் சார்ட்டில் எழுதி மாட்ட வேண்டும். ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு, 40 நிமிடப் பாடவேளைகள் ஆறு, மொத்தச் செலவு 80 ரூபாய். மூன்றாவது வரைவில்தான் பாட்டு பாட்டானது. முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்து செய்பவர்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகும். அதற்காகவே இந்தப் பதிவு.

முதல் நாள் வகுப்பே சேர்ந்து சொன்ன வரிகள் இவை:

நன்றி நன்றி நடத்துநரே!
நாட்டுக் குழைக்கும் நல்லவரே!
அன்பாய்ப் பேசும் அண்ணாவே!
அல்லும் பகலும் உழைப்பவரே!

யாப்பில் குறை சொல்ல முடியாது. 'நன்றி', 'அன்பாய்' என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது. முதல் மூன்று வரிகளுக்குள்ளும் மோனை இருக்கிறது. கை தட்டினால் தாளமும் நிற்கிறது. கோளாறு வேறு இடத்தில். 'நடத்துநரே' என்பதை அழித்துவிட்டு 'காவலரே' என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். 'அஞ்சல்காரரே' என்றாலும் பொருந்தும். பேருந்தே இல்லாத பேருந்துப் பாட்டு. இந்த மாற்றிப்போடும் சோதனையைக் கரும்பலகையில் செய்து காட்டினால் குழந்தைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது, விளக்கமே தேவைப்படாது. பெயரை மாற்றியும் பொருந்துகிற வரி எதுவோ, அதை அடித்துவிட வேண்டும். இந்த நான்கில் ஒன்றும் தேறவில்லை.

இங்கேயே எழுத்துப்பிழை ஒன்றையும் சரிசெய்துகொள்வது நல்லது. 'நடத்துனர்', 'ஓட்டுனர்' என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழந்தைகளும் அப்படியே எழுதுவார்கள். அனுப்புநர், பெறுநர் மாதிரி இதுவும் 'நர்' விகுதிதான்: நடத்துநர், ஓட்டுநர். பாட்டின் தலைப்பில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம். பாட்டுக்குள் குழந்தைகள் தினமும் கூப்பிடுகிற 'அண்ணா' போதும்.

பேருந்தில் வரும் மாணவர்கள் வகுப்பில் 11 பேர். ஒவ்வொருவருக்கும் நோட்டுத் தாளில் பாதியைக் கிழித்து, மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தோம்: கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, கண் எங்கே பார்த்தது. இரண்டு நாள் பயணத்தில் பார்த்ததை, இறங்கிய பிறகு எழுத வேண்டும். ஓடும் வண்டியில் எழுதச் சொல்லக்கூடாது; ஒரு கை கம்பியில் இருந்தாக வேண்டும். 'நல்லவர்', 'அன்பானவர்' போன்ற சொற்களை அந்தத் தாளில் எழுதவே கூடாது என்பது ஒரே விதி.

தாள்கள் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் இரண்டாம் வரைவை அவசரப்பட்டு எழுதினோம். அது அடுத்த பிழை. அந்த வரைவில் இருந்த இரண்டு வரி:

டிக்கெட் கிழித்துத் தந்தாயே!
டிங்டிங் மணியை அடித்தாயே!

முதல் வரைவைவிட இது மேல். இங்கே தொழில் தெரிகிறது. ஆனால் தாள்களோடு ஒப்பிட்டபோது இரண்டு வரியும் விழுந்துவிட்டன. மணிக்கயிற்றை இழுத்து அடிப்பது கேரளப் பேருந்துகளின் வழக்கம். தமிழ்நாட்டில் விசில்தான். படப் புத்தகத்திலிருந்து வந்த மணி அது. டிக்கெட் 'கிழிப்பது' கட்டுக்கட்டாக வண்ணத்தாள் டிக்கெட் இருந்த காலத்துச் சொல். இந்தத் தடத்து வண்டியில் கையடக்க இயந்திரம் வந்துவிட்டது, அதிலிருந்து சீட்டு ஓடிவருகிறது. உங்கள் ஊர் வண்டியில் இன்னும் கட்டுதான் என்றால் 'கிழித்து' சரியான சொல்லே. பார்த்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த முதல் வரியில் ஒளிந்திருந்தது. பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை. இந்த 11 பேரில் ஒருவர்கூட டிக்கெட் வாங்குவதில்லை! 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் இல்லாததால், கூட வரும் அம்மாவும் காசு கொடுப்பதில்லை; கட்டணமில்லாச் சீட்டு மட்டும் வாங்குகிறார். ஆக, காசுக்கும் டிக்கெட்டுக்கும் நன்றி சொல்ல இந்தக் குழந்தைகளுக்குக் காரணமே இல்லை. அவர்களுக்கும் நடத்துநருக்கும் இடையே நடப்பது வேறு. அது தாள்களில் வந்திருந்தது.

திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை நான்கு செய்திகள். புத்தகப் பையை முதலில் வாங்கி உள்ளே வைக்கிறார். எல்லாரும் ஏறிய பிறகே அவர் ஏறுகிறார். விசில் ஊதும் முன் குனிந்து படியைப் பார்க்கிறார். மாலையில் தூங்கிவிடுகிறவர்களை எழுப்பி இறக்கிவிடுகிறார். மூன்றாவதை எழுதியவர்கள் நான்கு பேர். அதுவும் 'கண் எங்கே பார்த்தது' என்ற கட்டத்தில். அந்தக் கட்டம் இல்லாமல் 'என்ன செய்தார்' என்று மட்டும் கேட்டிருந்தால் 'விசில் ஊதினார்' என்பதோடு நின்றிருக்கும்.

விசில் கணக்கிலும் ஒரு தடுமாற்றம் இருந்தது. ஒரு விசில் ஊதினால் வண்டி கிளம்பும் என்று ஒரு வரி வந்தது. ஒற்றை விசில் நிறுத்தச் சொல்வது. இரட்டை விசில் கிளம்பச் சொல்வது. மாற்றி எழுதிக் கொடுத்தால் அந்தப் பாட்டை வாங்குகிறவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். 'வண்டியை ஓட்டி' என்று ஓட்டுநர் வேலையை நடத்துநர் தலையில் கட்டிய வரி ஒன்றும் இருந்தது, அதையும் எடுத்தோம்.

மூன்றாம் வரைவுக்கு முன் மரியாதை விகுதியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'தந்தாயே, அடித்தாயே' என்பது கடவுளுக்கும் நிலாவுக்கும் சரி. தினமும் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவரைப் பாட்டில் மட்டும் 'நீ' என்றால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது குழந்தைக்கே நாக்கு நிற்கும். 'வைத்தீர்கள், சொன்னீர்கள்' என்றால் ஒவ்வொரு வரியிலும் ஓர் அசை கூடித் தாளம் உடைகிறது. 'வைத்தீர், சொன்னீர்' என்ற வடிவத்தில் மரியாதையும் இருக்கிறது, இரண்டு அசைக்குள் அடங்கவும் செய்கிறது. பேச்சில் இல்லாத வடிவம்தான். ஆனால் பாட்டில் கேட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை.

ஒரு செய்தி எப்படி வரியாகிறது என்பதற்கு முதல் பத்தியை மட்டும் விரித்துச் சொல்கிறோம். தாளில் இருந்த வாக்கியம்: 'நாங்கள் எல்லாரும் ஏறிய பிறகு கண்டக்டர் அண்ணா கடைசியாக ஏறினார்.' அளவு, வரிக்கு நான்கு சீர், சீருக்கு ஒரு கைதட்டு. இந்த வாக்கியத்தில் எட்டுச் சொல் இருக்கிறது. 'கடைசியாக ஏறினார்' என்றாலே மற்றவர்கள் முன்பே ஏறிவிட்டார்கள் என்பது அடங்கிவிடுகிறது, அதனால் முன்பாதி முழுவதும் போயிற்று. மிஞ்சியது 'கடைசியாக ஏறினீர் அண்ணா', மூன்று சீர். நான்காவதற்காக 'மெல்ல', 'நன்றாய்' என்று வெறும் சொல்லை அடைக்கப் பார்த்தார்கள். அதற்குப் பதில் 'கடைசியாக' என்பதை 'கடைசி ஆளாய்' என்று இரண்டாக்கினோம். ஓர் ஆள் கீழே நின்று மற்றவர்களை ஏற்றிவிட்டு, தான் பின்னால் ஏறுகிற காட்சி அந்தச் சொல்லில் வந்துவிட்டது.

எதுகைக்கு முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒத்துவந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதோடு, முதல் எழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில் என்று அளவும் ஒக்க வேண்டும். 'பட்டு', 'கட்டு' சேரும். 'பட்டு', 'பாட்டு' சேராது. குழந்தைகள் அதிகம் தவறுவது இதில்தான். காதால் கேட்கச் சொன்னால் விரைவில் பிடிபடுகிறது. 'பையை' என்ற சொல் முதலில் கிடைத்ததால் அதற்கு இணை தேடினோம். 'கையை' தானாக வந்து நின்றது. மோனைக்கு இன எழுத்துக்களும் உதவும்: இ, ஈ, எ, ஏ ஓரினம், உ, ஊ, ஒ, ஓ ஓரினம். 'தூங்கி' என்ற வரிக்கு அடுத்து 'தோளை' என்று தொடங்கலாம் என்பது இதனால்தான்.

கடைசியில் நின்ற பாட்டு:

பையை வாங்கி உள்ளே வைத்தீர்,
பார்த்து ஏறச் சொன்னீர் அண்ணா!
கையை நீட்டி மேலே ஏற்றிக்
கடைசி ஆளாய் ஏறினீர் அண்ணா!

ஒற்றை விசிலில் வண்டி நிற்கும்,
ஓடி வருவோர் ஏறிக் கொள்வார்;
சற்றே குனிந்து படியைப் பார்த்துச்
சத்தம் இரண்டு கொடுப்பீர் அண்ணா!

தூங்கிப் போன மாலை ஒன்றில்
தோளைத் தட்டி எழுப்பி விட்டீர்;
நீங்கள் ஊரின் பேரைச் சொல்ல
நினைவு வந்து இறங்கி விட்டேன்!

நாளைக் காலை எட்டு மணிக்கும்
நாங்கள் வருவோம், நன்றி அண்ணா!

'நன்றி' என்ற சொல் 14 வரிக்கும் ஒரே தடவைதான், அதுவும் கடைசி வரியில். முதல் வரைவில் முதல் வரியிலேயே இரண்டு தடவை வந்திருந்தது. எதற்கு நன்றி என்று 12 வரி சொல்லிவிட்ட பிறகு வரும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கிறது. தூக்கம் பற்றிய பத்தி மட்டும் 'விட்டேன்' என்று ஒருமையில் நிற்கிறது. அந்தப் பத்தியில் வருவது ஒரு மாணவிக்கு ஒரு மாலை நடந்தது. 'விட்டோம்' என்று மாற்றினால் வண்டியே தூங்கிவிட்டதுபோல் ஆகிறது. ஒருமையிலேயே விட்டுவிட்டோம், அந்தப் பத்தியை வாசிக்கும்போது அவர் மட்டும் சொல்கிறார்.

'ஏறினீர்' என்ற சீர் இன்னும் கொஞ்சம் விரைகிறது. அந்தப் பத்தியின் மற்ற வரிகளில் அந்த இடத்தில் 'உள்ளே', 'சொன்னீர்' என்று இரண்டு நேரசை வர, இங்கே நேருக்குப் பின் நிரை வருகிறது. கை தட்டும்போது குழந்தைகள் அங்கே ஓடுவது தெரியும். மாற்றுச் சொல் தேடினோம். பொருள் கெடாமல் ஒன்றும் அமையவில்லை.

சார்ட் வேலைக்கு வருவோம். கடையில் வாங்கிய சார்ட் 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம். நிமிர்த்து வைத்து, இருபுறமும் 5 செ.மீ. விட்டால் எழுத 46 செ.மீ. கிடைக்கும். முதல் சார்ட் இங்கேதான் வீணாயிற்று. மிக நீளமான வரி 'சத்தம் இரண்டு கொடுப்பீர் அண்ணா!' அதில் எழுத்து 16, சொல் இடைவெளி 3, ஆக 19 என்று எண்ணி, எழுத்துக்கு 2.4 செ.மீ. ஒதுக்கினோம். கணக்குப்படி 45.6 செ.மீ. வர வேண்டும். 'அண்ணா' எழுத இடமில்லாமல் சார்ட்டின் ஓரமே வந்துவிட்டது.

காரணம், தமிழில் ஓர் எழுத்து ஓர் இடம் அல்ல. 'கொ' கேட்பது மூன்று இடம்: கொம்பு, க, கால். 'ணா' இரண்டு இடம். 'றே', 'லை', 'யை' எல்லாம் இரண்டு. அப்படி எண்ணினால் அந்த வரிக்கு, வியப்புக்குறியையும் சேர்த்து, 20 இடம், இடைவெளி மூன்று, மொத்தம் 23. நாற்பத்தாறைப் பிரித்தால் இடத்துக்குச் சரியாக 2 செ.மீ. இரண்டாம் சார்ட்டில் 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து எழுதியபோது அந்த வரி ஓரக்கோட்டில் வந்து நின்றது. எந்தப் பாட்டானாலும் மிக நீளமான வரியை இப்படி எண்ணிவிட்டு மற்றவற்றைத் தொட்டால் போதும்.

உயரக் கணக்கு எளிது. வரிக்கு 3 செ.மீ. வைத்து 14 வரிக்கு 42. பத்திகளுக்கு இடையே மூன்று இடைவெளி, 1.5 வீதம் 4.5; தலைப்புக்கு 7; மேலும் கீழும் 4 வீதம் 8. கூட்டினால் 61.5. மீதி 9.5 செ.மீ. கீழே படத்துக்கு. பேருந்து முழுவதையும் வரைய அந்த உயரம் போதாது, வரைந்தால் பொம்மை வண்டியாகிவிடும். தோல்பை, விசில், படிக்கட்டு மூன்றையும் அருகருகே வரைந்தோம். பாட்டில் வருவதும் படியும் விசிலும்தான்.

மார்க்கரைத் தொடும் முன் பென்சிலில் முழுப் பாட்டையும் எழுதி, இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். இந்தப் பாட்டில் ர, ற கவனம் தேவை. 'இறங்கி விட்டேன்' என்பதை 'இரங்கி விட்டேன்' என்று எழுதினால் பரிதாபப்பட்டுவிட்டேன் என்று பொருள். 'இரண்டு' இடையின ர; 'ஒற்றை', 'ஏற', 'நிற்கும்' வல்லின ற. பேச்சு வழக்கில் 'நிக்கும்' என்று எழுதிவிடுவது அடுத்தது. 'பார்த்துச்', 'ஏற்றிக்' என்று வரி முடிவில் வரும் ஒற்று அடுத்த வரியின் தொடக்கத்துக்காக நிற்பது. பிழை என்று நினைத்து ஒருவர் அழித்துவிட்டார், திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

பொருட்கள்: சார்ட் இரண்டு, 20 ரூபாய் (ஒன்று வீணானது). கறுப்பு மார்க்கர் இரண்டு, 40 ரூபாய். கெட்டியான ஐவரி அட்டை ஏ4 அளவில் நான்கு, 20 ரூபாய். பென்சிலும் ஒரு மீட்டர் அளவுகோலும் வகுப்பிலேயே இருந்தன. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிப் பார்த்தோம், பின் வரிசையிலிருந்து படிக்க முடியவில்லை, மார்க்கர்தான் சரி.

கொடுப்பதில் கடைசிப் பாடம் இருந்தது. காலை எட்டு மணிக்கு வண்டி நின்றதும் நிறுத்தத்திலேயே நின்று எல்லாரும் சேர்ந்து சொல்வது என்பது திட்டம். 14 வரியையும் சொல்ல 50 விநாடி ஆகிறது. நிறுத்தத்தில் வண்டி நிற்பது அதில் பாதி நேரம்கூட இல்லை. இரண்டாம் வரி முடிவதற்குள் அவர் பைகளை வாங்க ஆரம்பித்துவிட்டார், பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். வண்டிக்குள்ளும் சரிவராது. அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் ஏறிய எல்லாருக்கும் சீட்டு கொடுத்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரை நிறுத்தினால் நன்றியே தொந்தரவாகிவிடும்.

கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பும் முன் சில நிமிடம் நிற்கும். அங்கே இறங்கும் மாணவர் மூவர். அவர்கள் மறுநாள் மாலையில் அங்கே வைத்து முழுப் பாட்டையும் சொன்னார்கள், அட்டையையும் கொடுத்தார்கள். அட்டை ஏ4-இல் நான்கில் ஒன்று, அதாவது 10.5 செ.மீ.க்கு 14.8 செ.மீ. சட்டைப்பையில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், தோல்பைக்குள் மடங்காமல் போகும். அதில் முதல் பத்தியும் கடைசி இரண்டு வரியும் மட்டும். மினுமினுப்புத் தூள் ஒட்டிய அட்டை ஒன்று தயாராக இருந்தது, அதைக் கொடுக்கவில்லை. அந்தத் தூள் பையில் உள்ள நோட்டுகளிலெல்லாம் ஒட்டும்.

அட்டையோடு கவரில் 50 ரூபாய் வைக்கலாம் என்று ஒரு பெற்றோர் சொன்னார். வைக்கக் கூடாது. நடத்துநர் பையில் இருக்கும் பணம் விற்ற சீட்டுக் கணக்கோடு ஒத்துவர வேண்டும்; சோதனை அலுவலர் ஏறி எண்ணும்போது கணக்கில் இல்லாத பணம் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அட்டையில் அவர் பெயரும் வண்டி எண்ணும் எழுதவில்லை. பள்ளிச் சுவரில் மாட்டும் சார்ட்டுக்கு அது இன்னும் முக்கியம், கேட்காமல் ஒருவர் பெயரை மாட்டக்கூடாது.

அடுத்த முறை முதல் வரைவையே எழுதாமல் கவனிப்புத் தாளிலிருந்து தொடங்குவோம். இடக்கணக்கையும் சார்ட் வாங்கும் முன்பே போட்டுவிட்டால் 10 ரூபாயும் ஒரு பாடவேளையும் மிஞ்சும். பள்ளி ஆட்டோ ஓட்டுநருக்கு எழுதுவதாக இருந்தால் தாளின் கட்டங்களையே மாற்ற வேண்டும். பின்னால் உட்காரும் குழந்தைக்குத் தெரிவது அவர் முதுகும் கண்ணாடியில் தெரியும் கண்ணும்தான். 'கண்ணாடியில் எப்போது பார்த்தார்', 'ஹாரன் எங்கே அடித்தார்', 'எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்' என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். 'ஆட்டோ'வுக்கு எதுகையாக 'பாட்டி', 'வீட்டு', 'பூட்டு' என்று ஒரு வரிசையே கிடைக்கிறது. மழைநாளில் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிக் கட்டுவதை ஒருவர் ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்.